வேகத்தில் பத்து, ஆற்றலில் பத்தொன்பது: பவர் பிரஸ்ஸின் ஃப்ளைவீல் கணக்கு

கேள்வி: எங்கள் பட்டறையில் 50 டன் பவர் பிரஸ் ஒன்று ஓடுகிறது. ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, வெளிவிட்டம் 900 மி.மீ., வளையத்தின் உள்விட்டம் 700, அகலம் 120. நிமிடத்துக்கு 300 சுற்று, 50 அடி. ஸ்ட்ரோக் 100 மி.மீ., மோட்டார் 3 எச்.பி. 10 மி.மீ. தகட்டில் 25 மி.மீ. துளை நாள் முழுக்கப் போட்டாலும் தொல்லை இல்லை. 16 மி.மீ. தகடு வைத்தால் ஐந்தாறு அடியிலேயே சக்கரம் தளர்ந்து மோட்டார் டிரிப் ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டால் 45 டன்தான் வருகிறது. முதல் அடியில் வேகம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைகிறது. அப்படியானால் ஆற்றலும் பத்தில் ஒரு பங்குதானே போயிருக்கும்? மீதி ஒன்பது பங்கு சக்கரத்தில் இருக்கும்போது ஏன் திணறுகிறது?

பதில்:

பத்தில் ஒரு பங்கு இல்லை, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. உங்கள் சிக்கலின் முதல் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சுழலும் சக்கரத்தில் இருக்கும் இயக்க ஆற்றல் வேகத்தோடு நேராக ஏறி இறங்குவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குகிறது. E = ½ I ω² என்ற வாய்பாட்டில் I என்பது நிலைமத் திருப்புத்திறன், ω என்பது கோணத் திசைவேகம். சக்கரம் மாறாததால் I மாறாது. மாறுவது ω மட்டும், அதுவும் இரண்டு முறை பெருக்கப்பட்டு நிற்கிறது.

வாசலில் பத்துப் புள்ளி, பத்து வரிசை வைத்து ஒரு கோலம் தொடங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 புள்ளிகள். இப்போது ஒரு வரிசையையும் ஒரு நிரலையும் அழித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒன்பதுக்கு ஒன்பது, 81 புள்ளிகள். பக்கம் பத்தில் ஒன்றுதான் சுருங்கியது, போனதோ 19 புள்ளி. வரிசையில் பத்து, நிரலில் பத்து, மூலைப்புள்ளி இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்று கழிந்து பத்தொன்பது. வேகம் x பங்கு குறைந்தால் வெளிவரும் ஆற்றல் 2x − x² பங்கு என்பதன் படம் இதுதான். வேக இழப்பு சிறிதாக இருக்கும்வரை அதை இரட்டித்தாலே கிட்டத்தட்ட விடை வந்துவிடும். 5 சதவீதம் குறைந்தால் 9.75 சதவீதம், 10 குறைந்தால் 19, 20 குறைந்தால் 36. வேகம் பாதியானால் முக்கால் பங்கு ஆற்றல் வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

வேகத்தை அந்த அளவுக்கு இறக்கிவிடக்கூடிய இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் கல்ஹம் என்ற ஊரில் இருந்த ஜெட் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடத்தில் தலா 775 டன் எடையுள்ள இரண்டு ஃப்ளைவீல்கள் இருந்தன. நிமிடத்துக்கு 225 சுற்று வரை மெதுவாக ஏற்றி, சோதனையின்போது ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். பாதிக்குக் கீழே மிச்சம் இருப்பது கால் பங்குதான்; அதைத் துரத்திப் பிடிப்பதில் பயன் குறைவு. ஆனால் பிரஸ்ஸில் அந்த முக்கால் பங்கு நம் கைக்கு வராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் சக்கரம். வார்ப்பிரும்பின் அடர்த்தியை ஒரு கனமீட்டருக்கு 7,200 கிலோ என்று வைத்தால், நீங்கள் கொடுத்த அளவுக்கு வளையம் மட்டும் 217 கிலோ. நிலைமத் திருப்புத்திறன் 35 கி.கி.மீ². ஆரங்களும் நடுக்குடமும் அச்சுக்கு அருகில் இருப்பதால் அவற்றின் பங்கு சிறிது, விட்டுவிடலாம். 300 சுற்று என்பது நொடிக்கு 31.4 ரேடியன். ஆக ஆற்றல் ½ × 35 × 987, ஏறத்தாழ 17,270 ஜூல்.

கைப்பேசி மின்கலம் ஒன்றில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. ஃப்ளைவீலின் பலம் சேமிக்கும் அளவில் இல்லை, கொடுக்கும் வேகத்தில் இருக்கிறது.

10 மி.மீ. தகட்டில் 25 மி.மீ. துளைக்கு வெட்டப்படும் பரப்பு π × 25 × 10, அதாவது 785 சதுர மி.மீ. மென்எஃகின் வெட்டுவலிமையை ஒரு சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் என்று கொண்டால் உச்ச விசை 275 கிலோ நியூட்டன், 28 டன். விசை உச்சத்திலிருந்து சுழியத்துக்குச் சரிவதாகக் கொண்டு பாதியைத் தடிமனால் பெருக்கினால் வேலை 1,375 ஜூல். உராய்வுக்கும் சட்டத்தின் விறைப்புக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 1,650 என்று வைத்துக்கொள்வோம். இது சக்கரத்தின் மொத்தத்தில் 9.6 சதவீதம், வேகம் 300-லிருந்து 285-க்கு இறங்கும். ஐந்து சதவீத இறக்கம்தான், காதுக்கே சரியாகத் தெரியாது.

அந்த அடி நடக்கும் நேரத்தைப் பாருங்கள். 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் கடைசி 10 மி.மீ. இறங்கக் கிராங்க் 37 பாகை சுற்றுகிறது; நொடியில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் 1,650 ஜூலை மோட்டாரே நேராகக் கொடுக்க வேண்டுமானால் 18 எச்.பி. மோட்டார் வேண்டும். அடுத்த அடி வர 1.2 நொடி இருக்கிறது. அதற்குள் திருப்பி நிரப்ப 1.85 எச்.பி. போதும். மேல்நிலைத் தொட்டிக்குச் சிறிய மோட்டார் போதுவதும் இதனால்தான்: தண்ணீர் எடுக்கும்போது வேகமாக எடுக்கிறோம், நிரப்பும்போது மெதுவாக நிரப்புகிறோம். உங்கள் 3 எச்.பி. இந்த வேலைக்குத் தாராளம். நாள் முழுக்க ஓடியதில் வியப்பில்லை.

16 மி.மீ. தகட்டுக்கு வாருங்கள். தடிமன் 1.6 மடங்கு, விசையும் 1.6 மடங்காகி 45 டன்னில் நிற்கிறது. அதுவரை உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த விசை தள்ள வேண்டிய தூரமும் 1.6 மடங்கு. ஆகவே வேலை 2.56 மடங்கு: 4,220 ஜூல். தடிமன் கூடும்போது டன் நேராக ஏறுகிறது, ஆற்றல் வர்க்கமாக ஏறுகிறது. பெயர்ப்பலகையில் 50 டன் என்று இருப்பதைப் பார்த்துத் தகட்டைத் தேர்ந்தெடுக்கும் எல்லாப் பட்டறையிலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. டன் என்பது சட்டமும் கிராங்க்கும் தாங்கும் அளவு. ஒவ்வொரு அடிக்கும் செலவழிக்க எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது.

4,220 ஜூல் என்றால் 17,270-ல் 24.4 சதவீதம். மீதம் 75.6 சதவீதம், அதன் வர்க்கமூலம் 0.87. வேகம் 13 சதவீதம் குறைந்து 261 சுற்றுக்கு வரும். நீங்கள் கண்ட “பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல்” இதுதான். ஒன்பது பங்கு மிச்சம் என்று நீங்கள் நினைத்த இடத்தில் முக்கால் பங்குதான் இருக்கிறது.

அந்த முக்கால் பங்கோடு அடுத்த அடிக்குப் போவது பெரிய குற்றமில்லை, மோட்டார் திருப்பி நிரப்பினால். அது நடக்கவில்லை. 3 எச்.பி. என்பது 2,240 வாட். சக்கரம் சற்றுத் தளர்ந்த நிலையில் ஒரு அடிக்குக் கிடைக்கும் ஒன்றேகால் நொடியில் அது கொடுப்பது 2,800 ஜூல். எடுப்பது 4,220. இரண்டாம் அடி தொடங்கும்போது சக்கரம் 287-ல் நிற்கும், அடித்தபின் 246. மூன்றாவது 276-ல் தொடங்கி 233-ல் முடியும். நான்காவது 266-ல் தொடங்கி 221. ஐந்தாவது 210. ஆறாவது அடி முடியும்போது 200, தொடங்கிய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சக்கரம் மெதுவாகும்போது அடிக்கும் அடிக்கும் இடைவெளி நீள்கிறது, மோட்டாருக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது; அதையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியும் எடுப்பது ஒரே 4,220 ஜூல்தான். முதல் அடியில் வேகம் 39 சுற்று இறங்கியது. ஐந்தாம் அடியில் 47 சுற்று இறங்குகிறது. மெதுவாக ஓடும் சக்கரம் ஒவ்வொரு சுற்று இழப்புக்கும் குறைவான ஆற்றலையே தருகிறது. கோலத்தைத் திரும்பவும் பாருங்கள்: பத்திலிருந்து ஒன்பதுக்கு வரும்போது 19 புள்ளி, ஒன்பதிலிருந்து எட்டுக்கு 17, எட்டிலிருந்து ஏழுக்கு 15. அதனால்தான் தளர்ச்சி தொடங்கிவிட்டால் சரசரவென்று கீழே போவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

உண்மையான மோட்டார் இந்தக் கணக்கில் இருப்பதைப் போல 3 எச்.பி.யோடு அமைதியாக நிற்காது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் முழுச் சுமையில் ஒத்தியங்கு வேகத்துக்கு நான்கைந்து சதவீதம் கீழே ஓடும்படி செய்யப்பட்டது. ஃப்ளைவீல் 13 சதவீதம் இறங்கும்போது V பெல்ட் வழியாக மோட்டாரையும் கீழே இழுக்கிறது. இழுக்கப்பட்ட மோட்டார் திரும்ப ஏற முயன்று கூடுதல் முறுக்குவிசை கொடுக்கும். அதற்கு விலையாகப் பெயர்ப்பலகை அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். பெல்ட் தளர்வாக இருந்தால் மோட்டாருக்குப் பதில் பெல்ட் நழுவும். காப்புக் கூட்டுக்குள் கறுப்பு ரப்பர்த்தூள் படிந்திருக்கிறதா, மூன்று நான்கு அடிக்குப் பின் ரப்பர் கருகும் வாடை வருகிறதா என்று பாருங்கள். பெல்ட் இறுக்கமாக இருந்தால் வெப்ப ரிலே சுற்றைத் துண்டிக்கும். உங்களுக்கு நடப்பது இரண்டாவது. ரிலேயின் அளவை ஏற்றி வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் செய்துவிடாதீர்கள். அடுத்தது சுருள் எரியும்.

பாதி வேகத்துக்கு இறக்கி முக்கால் பங்கை எடுக்க முடியாது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். ஆற்றல் சக்கரத்தில் இருக்கிறது. ஆனால் மோட்டார் அந்த இறக்கத்தைத் தாங்காது. ஆகவே தொடர் அடிக்குப் பத்து சதவீதத்திலும், ஒவ்வொன்றாக நிறுத்தி அடிப்பதற்கு இருபது சதவீதத்திலும் வேக இறக்கத்தை நிறுத்துவது வழக்கம். பிரஸ்களுக்கென்றே செய்யப்படும் உயர்வழுக்கு மோட்டார்கள் கூடுதல் இறக்கத்தை அமைதியாகப் பொறுத்துக்கொள்ளும். பத்து சதவீத வரம்புக்குள் உங்கள் சக்கரம் ஒரு அடிக்குக் கொடுக்கக்கூடியது 17,270-ல் 19 சதவீதம், 3,280 ஜூல். அவ்வளவுதான் உங்கள் கைச்செலவுப் பணம்.

பாடநூலில் இதே விடையை வேறு வழியில் போடுவார்கள்: I × சராசரி ω² × வேக ஏற்ற இறக்கக் குணகம். 300-க்கும் 270-க்கும் சராசரி 285, குணகம் 30/285. பெருக்கினால் அதே 3,280 வரும். சராசரி வேகத்துக்குப் பதில் 300-ஐப் போட்டு, குணகத்தை 0.1 என்று எடுத்தால் 3,450 வரும். ஐந்து சதவீதம் கூடுதல். மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

பெரிய ஃப்ளைவீல் போட்டால் தீருமா என்று கேட்பீர்கள். I-யை இரட்டித்தால் முதல் அடியின் இறக்கம் 13 சதவீதத்திலிருந்து ஆறரைக்குக் கீழே வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடிக்கு 4,220 செலவு, வரவு அதே அளவு; கணக்கில் ஒரு ஜூல்கூட மாறவில்லை. தளர்ச்சி ஆறாம் அடிக்குப் பதில் இன்னும் பல அடிகள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 4,220 ஜூலை 1.2 நொடிக்கு ஒருமுறை நிரப்ப 4.7 எச்.பி. வேண்டும், அது இல்லாதவரை எந்தச் சக்கரமும் உதவாது.

மோட்டார் புல்லியை மாற்றி 360 சுற்றில் ஓட்டுவது இன்னும் ஏமாற்றும் வழி. வேகம் 1.2 மடங்கானால் ஆற்றல் 1.44 மடங்கு என்பது உண்மை. ஆனால் அடியும் நிமிடத்துக்கு 60 ஆகிறது. மோட்டாருக்குக் கிடைக்கும் நேரம் 1.2 நொடியிலிருந்து ஒரு நொடியாகச் சுருங்குகிறது. அடிக்கு 2,690 ஜூல் கொடுத்த மோட்டார் இப்போது 2,240 தான் கொடுக்கும். தொடர் அடியில் பற்றாக்குறை கூடுகிறது. கிளட்ச்சும் பிரேக்கும் ஒவ்வொரு அடிக்கும் விழுங்க வேண்டிய வெப்பமும் அதே வர்க்கக் கணக்கில் ஏறும்.

பஞ்ச்சின் முனையைச் சாய்வாகத் தீட்டினால் டன் குறையும். வெட்டு ஒரே நேரத்தில் சுற்று முழுக்க நடக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதால் உச்ச விசை தணியும். ஆனால் குறைந்த விசை கூடுதல் தூரம் தள்ளுகிறது. ஆற்றல் அதே 4,220-க்கு அருகில்தான் நிற்கும். சக்கரத்துக்கு இதில் இளைப்பாறுதல் இல்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லியாக வேண்டிய ஒன்று. 50 டன் என்பது கிராங்க் பிரஸ்ஸில் ஸ்ட்ரோக்கின் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கீழ்முனைக்குச் சில மி.மீ. மேலே, குறித்த ஓர் உயரத்தில்தான் அது தரப்படுகிறது. உங்கள் பிரஸ்ஸின் கையேட்டில் அந்த உயரம் இருக்கும். அது 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 11 மி.மீ. உயரத்தில் அதே முறுக்குவிசைக்குக் கிடைப்பது 35 டன்தான். 16 மி.மீ. தகட்டில் பஞ்ச் மூன்றில் ஒரு பங்கு இறங்கி உச்ச விசை வருவது ஏறக்குறைய அந்த உயரத்தில். அங்கே 45 டன் கேட்கிறீர்கள். ஃப்ளைவீல் அதைக் கொடுத்துவிடும், ஏனென்றால் அதற்கு டன் தெரியாது. எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவு விசையோடு தன் ஆற்றலைக் கொட்டும். முறுக்கு முழுவதும் கிராங்க்ஷாஃப்ட்டிலும் பல்சக்கரத்திலும் சாவியிலும் விழுகிறது. ஒரு பட்டறையில் டையில் இரண்டு துண்டு தவறுதலாக ஏறிக் கீழ்முனைக்கு அருகே பூட்டிக்கொண்ட பிரஸ்ஸைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. C வடிவச் சட்டத்தின் தொண்டைப் பகுதியில் முடியிழை போல ஒரு விரிசல், எண்ணெய் கசிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தச் சக்கரத்திலும் உங்களுடையதைப் போன்ற ஆற்றல்தான் இருந்தது. அது சில மி.மீ. தூரத்தில் செலவானது, அவ்வளவே வேறுபாடு.

ஆகவே 16 மி.மீ. வேலையைப் பெரிய பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள். உங்கள் இயந்திரத்தில் 12 மி.மீ. வரை போகலாம். அதற்கு 34 டன், உச்சம் வரும் உயரத்தில் 40 டன் வரை கிடைக்கிறது, ஆற்றல் 2,370 ஜூல், வேகம் 279-க்கு இறங்கும், ஏழு சதவீதம், நிரப்ப 2.65 எச்.பி. மூன்று கணக்கும் உள்ளே நிற்கின்றன, ஆனால் மோட்டாரில் மிச்சம் அதிகம் இல்லை. பஞ்ச் மழுங்கினாலோ தகடு சற்றுக் கடினமாக வந்தாலோ அந்த மிச்சமும் போய்விடும்.

அப்படிப் போகிறதா என்று பார்க்க வேகமானியை நம்ப வேண்டாம்; எட்டில் ஒரு நொடி இறக்கத்தை அது காட்டாது. மோட்டாருக்குப் போகும் ஒரு கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். சுமையில்லாமல் ஓடும்போது என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு தொடர்ந்து பத்து அடி அடியுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஆம்பியர் எகிறி, அடுத்த அடிக்கு முன் சும்மா ஓடும் அளவுக்கு அருகில் வந்து நின்றால் சக்கரம் நிரம்பிவிட்டது. இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அடி வந்து, ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மேலே நின்றால் நிரம்பவில்லை. அப்போது தொடர் ஓட்டத்தை விட்டு, பெடலை ஒவ்வொரு அடியாக மிதித்து, மீட்டர் இறங்கும்வரை காத்திருங்கள்.